யுத்த காலத்துப் பத்தரை மணி

1942 செப்டம்பர் 1 அன்று இந்தியாவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க அரசு கண்ட வழி அது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருந்த நம் நேரம் ஆறரை மணி முன்னால் ஆயிற்று. 1945 அக்டோபர் 15 அன்று பழைய நிலைக்குத் திரும்பியது. ஜோதிடர்கள் இதை இன்றும் 'வார் டைம்' என்றே சொல்கிறார்கள். பழைய கணிதக்காரர்களுக்கு இது அத்துப்படி. கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் கடைகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அந்த மூன்று ஆண்டுச் சொச்சத்தில் பிறந்தவர்களுக்கு இப்போது வயது எண்பதைத் தொட்டு அல்லது தாண்டி நிற்கிறது. அந்த வயதில் யார் ஜாதகத்தைக் கையில் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். எடுக்கிறார்கள். துணையை இழந்து தனியாக இருக்கும் பெரியவர்கள் மறுமணம் செய்துகொள்வது நம் குடும்பங்களில் மெல்ல நடக்கத் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் சம்மதித்துவிட்டாலும், 'ஜாதகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடலாமே' என்று யாராவது ஒருவர் இழுப்பார். பெரும்பாலும் அது மருமகளாகவோ சம்பந்தியாகவோ இருக்கும்.

என் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் விஷயத்தில் இழுத்தது பெண் வீட்டார். (இரு தரப்பிலும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அடையாளங்களைக் குறைத்திருக்கிறேன்.) சித்தப்பா கும்பகோணத்தில் பிறந்தவர். சுபானு வருடம், தை மாதம், திங்கட்கிழமை, ஹஸ்த நட்சத்திரம். அதாவது 1944 ஜனவரி. சித்தி தவறிப்போய்ப் பல காலம் ஆகிறது. பெண்மணிக்கு எழுபத்தைந்து வயது இருக்கும், மலேயாவில் ஈப்போவில் பிறந்து, சிறு வயதிலேயே திருச்சிக்கு வந்துவிட்டவர். இருவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். ஜாதகம் பார்க்க வேண்டும் என்று அவர்கள் இருவரும் கேட்கவே இல்லை.

சித்தப்பாவின் மகள் ஒரு தாளை எனக்கு அனுப்பினாள். "அண்ணா, அப்பாவின் பிறந்த நேரம் காலை 10.30 என்று தாத்தாவின் டைரியில் இருக்கிறது. அதைக் கொடுத்துத்தான் கடையில் ஜாதகம் எடுத்தோம். மீன லக்னம் என்று வந்திருக்கிறது. செவ்வாய் மூன்றில், அதனால் தோஷம் இல்லை. அந்த அம்மாவுக்குச் செவ்வாய் எட்டில். தோஷம் உள்ள ஜாதகத்தைத் தோஷம் இல்லாத ஜாதகத்தோடு சேர்க்கக் கூடாது என்று அவர்கள் வீட்டு ஜோதிடர் சொல்லிவிட்டார்."

ஆண்டைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் பழைய ஜாதக நோட்டு ஏதாவது இருக்கிறதா என்பதுதான். இருந்தது. மஞ்சள் தடவிய முதல் பக்கம், 'ஜனனீ ஜன்ம சௌக்யானாம்' என்று தொடங்கும் சுலோகம், அதற்குக் கீழே வருடம், மாதம், கிழமை, திதி, நட்சத்திரம். அப்புறம், 'சூரிய உதயாதி நாழிகை 7¼க்கு கும்ப லக்கினத்தில் சுப ஜனனம்' என்று ஒரு வரி. மணி எங்கும் எழுதப்படவில்லை. மகளும் இந்த நோட்டைப் பார்த்திருக்கிறாள். ஆனால் கம்ப்யூட்டர் மீனம் என்று சொன்ன பிறகு, 'அந்தக் காலத்தில் ஏதோ தோராயமாகப் போட்டிருப்பார்கள்' என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

நாழிகை என்பது 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. உதயாதி நாழிகை என்றால் அன்று அந்த ஊரில் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணிய நாழிகை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டைரியில் உள்ள 10.30 எந்தக் கடிகாரத்தின் 10.30 என்று கண்டுபிடித்துவிட முடியும். தை மாதத் தொடக்கத்தில் கும்பகோணத்தில் சூரிய உதயம் நம் இன்றைய கடிகாரப்படி ஏறத்தாழ காலை 6.36. ஏழேகால் நாழிகை என்பது 2 மணி 54 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 9.30 வருகிறது. டைரியில் இருப்பதோ 10.30. சரியாக ஒரு மணி வித்தியாசம். மறுபக்கமாகவும் போட்டுப் பார்க்கலாம். 10.30 என்பது இன்றைய நேரக் கணக்கிலேயே சொன்னது என்றால், உதயத்திலிருந்து 3 மணி 54 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். அது ஒன்பதே முக்கால் நாழிகை. நோட்டில் ஏழேகால்தான் இருக்கிறது. ஆகத் தாத்தா டைரியில் எழுதியது சுவர்க் கடிகாரம் காட்டிய யுத்த நேரம். ஜாதகம் கணித்தவர் அதில் ஒரு மணியைக் கழித்துவிட்டே நாழிகை போட்டிருக்கிறார், அல்லது 7.36க்கு உதயம் என்று யுத்தக் கடிகாரத்திலேயே வைத்துக் கணக்கிட்டிருக்கிறார். எப்படிச் செய்தாலும் விடை ஒன்றுதான்.

இந்த மாதிரி நோட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று பொருள். சூரியன் அரசு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஒரு மணி முன்னதாக உதிக்கவில்லை. அதனால் நாழிகையில் எழுதிய பழைய ஜாதகங்களைப் போர் தொடவே இல்லை. அந்த நாழிகையை ஓரமாக வைத்துவிட்டு, டைரியிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் உள்ள மணியை எடுத்துக் கம்ப்யூட்டரில் தட்டும்போதுதான் வினையே வருகிறது.

ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் ஜாதகத்தில் எது மாறும், எது மாறாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சித்தப்பா மகளும் இதைத்தான் கேட்டாள்: "நட்சத்திரம் இரண்டிலும் ஹஸ்தம்தானே இருக்கிறது? பிறகு என்ன வித்தியாசம்?" சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு மணிப் பிழையில் நட்சத்திரமே மாறிப்போவது இருபத்து நான்கு ஜாதகத்தில் ஒன்றில் நடக்கலாம். ராசி மாறுவது அதைவிடவும் அபூர்வம். நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்க்கும் தினம், கணம், யோனி, ரஜ்ஜு முதலான பத்துப் பொருத்தமும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிழை வெளியே தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். பொருத்தத் தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது, அதனால் ஜாதகமும் சரி என்று நினைத்துவிடுகிறார்கள்.

லக்னத்தின் கதை வேறு. ஒரு நாளில் பன்னிரண்டு லக்னமும் உதித்தாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சராசரி இரண்டு மணி. ஒரு மணி தவறினால் இரண்டில் ஒரு ஜாதகத்தில் லக்னம் அடுத்த ராசிக்குப் போய்விடும். சித்தப்பாவுக்கு உண்மையான 9.30க்கு கும்பத்தில் ஏறத்தாழ 19 பாகையில் லக்னம் விழுகிறது. 10.30ஐ அப்படியே கொடுத்தால் மீனத்துக்குள் ஏழு பாகை போய்விடுகிறது. லக்னம் நகர்ந்தால் பன்னிரண்டு வீடுகளும் நகரும். மறுமணத்துக்கென்று ஜோதிடர்கள் தனியாகப் பார்க்கும் இரண்டாமிடம், ஏழாமிடம், பதினோராமிடம் எல்லாமே வேறு கிரகங்களின் கைக்கு மாறிவிடும்.

அன்று செவ்வாய் ரிஷபத்தில். மீனத்திலிருந்து எண்ணினால் ரிஷபம் மூன்றாமிடம். தோஷக் கணக்கில் வராது. கும்பத்திலிருந்து எண்ணினால் நான்காமிடம். 2, 4, 7, 8, 12 என்ற தோஷப் பட்டியலில் நான்கு இருக்கிறது. அதாவது நேரத்தைத் திருத்தியதும் சித்தப்பாவுக்குப் புதிதாகச் செவ்வாய் தோஷம் வந்து சேர்ந்தது. சாதாரணக் கல்யாணப் பேச்சில் இது இடி விழுந்த மாதிரி இருக்கும். இங்கே அதுவே வழியைத் திறந்தது. அந்த அம்மாவுக்கும் தோஷம், இவருக்கும் தோஷம், சேர்க்கலாம் என்றாகிவிட்டது. சுக்கிரனிலிருந்தும் செவ்வாயை எண்ணும் ஜோதிடர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் விருச்சிகச் சுக்கிரனுக்கு ரிஷபம் ஏழாமிடம், ஆகச் சித்தப்பாவின் கடைத் தாள், திருத்திய ஜாதகம் இரண்டிலுமே தோஷம் உண்டு. ஆனால் பெண் வீட்டு ஜோதிடர் லக்னத்தை மட்டும் எண்ணுகிறவர். எண்பது வயதில் செவ்வாய் தோஷம் என்ன செய்யும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். பார்ப்பது சரியான கட்டமாக இருக்கட்டும் என்பதோடு என் வேலை முடிந்தது.

அடுத்தது தசை. நட்சத்திரம் மாறாவிட்டாலும், பிறக்கும்போது அந்த நட்சத்திரத்தில் சந்திரன் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை வைத்துத்தான் கர்ப்பச்செல் போக நின்ற தசை இருப்பைக் கணிக்கிறார்கள். ஒரு மணிப் பிழை என்பது முதல் தசையின் மொத்த ஆண்டில் ஏறத்தாழ இருபத்து நான்கில் ஒரு பங்கு. சுக்கிர தசையில் பிறந்தவருக்கு 20 ஆண்டில் பத்து மாதம் போகும். சித்தப்பா ஹஸ்தம், முதல் தசை சந்திரன், பத்தே ஆண்டு. திருத்திய ஜாதகத்தில் சந்திர தசை இருப்பு ஐந்து ஆண்டு நான்கு மாதம். கடைத் தாளில் ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மாதம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த ஐந்து மாதம் பிறந்த நாளோடு நின்றுவிடாது. செவ்வாய், ராகு, குரு, சனி, புதன் என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் தசைகளின் எல்லையையும் அதே அளவு தள்ளிக்கொண்டே வரும். கடைத் தாளின்படி புதன் தசை 2026 தொடக்கத்தில் முடிந்து கேது பிறக்கிறது. திருத்திய கணக்கில் அது 2026 மே மாத வாக்கில். தசா சந்தி பார்ப்பவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தசை மாறக் கூடாது என்பார்கள். வயதானவர்களின் ஜாதகத்தில் அதையே மற்றப் பொருத்தங்களைவிடக் கண்டிப்பாகப் பார்ப்பதும் உண்டு. அப்போது இந்த ஐந்து மாதம் விளையாட்டு இல்லை.

இன்னொரு தடயமும் உண்டு. நம் பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும். தை மாதத்தில் யுத்தக் கடிகாரப்படி உதயம் ஏழரை மணிக்கு மேல். அன்று காலை 7.10க்குப் பிறந்த குழந்தை உண்மையில் உதயத்துக்கு முன் பிறந்த குழந்தை. அதன் ஜாதகத்தில் முந்தைய நாளின் கிழமையும் தமிழ்த் தேதியும் இருக்கும். பழைய நோட்டில் ஞாயிறு என்றும் கம்ப்யூட்டர் தாளில் திங்கள் என்றும் கண்டால், பெரியவர்கள் கிழமை தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள்.

திருத்தம் செய்வது எளிது. இரண்டு முறை செய்துவிடுவதும் அதே அளவு எளிது. நேரத்தை 10.30 என்றே விட்டுவிட்டு நேர மண்டலத்தை +6:30 என்று மாற்றலாம். அல்லது நேரத்தை 9.30 ஆக்கி மண்டலத்தை +5:30இலேயே வைக்கலாம். சில மென்பொருள்கள் 1942 முதல் 1945 வரையிலான மாற்றத்தைத் தாங்களே அறிந்து கழித்துக்கொள்கின்றன. அது தெரியாமல் நாமும் ஒரு மணியைக் கழித்தால் 8.30க்கு ஜாதகம் வந்து நிற்கும். எது நடந்திருக்கிறது என்று பார்க்க லக்னத்தை நம்பாதீர்கள். அதே தாளில் அச்சாகியிருக்கும் சூரிய உதயத்தையும் உதயாதி நாழிகையையும் பாருங்கள். சித்தப்பாவின் தாளில் நாழிகை 9¾ என்று வந்தால் திருத்தவே இல்லை, 7¼ என்றால் சரி, 4¾ என்றால் இரட்டைத் திருத்தம். ஊரின் சுதேச மணிக்காகக் கும்பகோணத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் கழிக்கிறார்களே, அது தனிக் கணக்கு. அதைச் செய்துவிட்டு 'நேரத்தைத் திருத்திவிட்டேன்' என்று சொல்லும் ஜோதிடரிடம், யுத்த நேரத்தையும் கழித்தீர்களா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அந்த அம்மாவின் ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்தேன். ஈப்போ என்றதுமே எனக்குச் சந்தேகம். மலேசியாவின் நேரம் இன்று கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால். ஆனால் 1982 தொடக்கம் வரை தீபகற்பத்தில் ஏழரை மணிதான். அவருடைய தாளில் +8:00 என்று இருந்தது. அரை மணிப் பிழை. இது நம் ஊர்ப் பிழைக்கு எதிர்த்திசையில் போகும். சித்தப்பாவின் கடைத் தாள் அவர் பிறந்ததற்கு ஒரு மணி பிந்தைய வானத்தைக் காட்டியது. அந்த அம்மாவின் தாள் அரை மணி முந்தைய வானத்தைக் காட்டியது. சரிசெய்தபோது லக்னம் மாறவில்லை, செவ்வாய் எட்டிலேயே நின்றது. தசை இருப்பு மட்டும் சில மாதம் குறைந்தது. இவர் இன்னும் சில ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் சிக்கல் பெரிது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை, சிங்கப்பூரிலும் மலேயாவிலும் கடிகாரம் டோக்கியோ நேரத்தில் ஓடியது. கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி முன்னால். அங்கே அப்போது பிறந்தவரின் மணியை +8:00 என்று போட்டால் ஒரு மணியும், +7:30 என்று போட்டால் ஒன்றரை மணியும் தவறும். ஒன்றரை மணித் தவறில் நான்கில் மூன்று ஜாதகங்களின் லக்னம் போய்விடும்.

இலங்கையில் இது இரண்டு படியாக நடந்தது. 1942 ஜனவரி 5 முதல் அரை மணி, செப்டம்பர் முதல் ஒரு மணி, 1945 அக்டோபர் நடுவில் பழையபடி. யாழ்ப்பாணத்து ஜாதகத்துக்கு இந்தியத் தேதிகளை அப்படியே போட்டால் 1942இன் முதல் எட்டு மாதம் பிசகும். பம்பாயில் வேறு விதம். போருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த நகரம் தன் சொந்த நேரத்தை, நம் பொது நேரத்துக்கு 39 நிமிடம் பின்னால், 1955 வரை விடாமல் வைத்திருந்தது. ரயில் பொது நேரத்தில் ஓடியது. மாதுங்காவில் அந்நாளில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு அப்பா எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார் என்பதை நாழிகை எழுதிய ஜாதகம் இல்லாமல் சொல்வது கஷ்டம்.

நோட்டு இல்லாதவர்கள் என்ன செய்வது? ஆஸ்பத்திரிப் பதிவு என்றால் யுத்த நேரம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அலுவலகக் கடிகாரங்கள் உத்தரவுப்படிதான் ஓடின. வீட்டுப் பிரசவம் என்றால் எழுதியவர் யார் என்று கேளுங்கள். ரயில்வே, தபால், கச்சேரி என்று வேலைக்குப் போன அப்பா எழுதியிருந்தால் புதிய நேரமாக இருக்கும். 'மாடு ஓட்டிக்கொண்டு போகிற வேளை', 'உச்சி சாய்ந்து ஒரு நாழிகை' என்று பாட்டி சொன்னதைப் பிறகு யாரோ மணியாக்கியிருந்தால், அது சூரிய நேரம். அதில் ஒரு மணியைக் கழித்தால் நாமே பிழையை உண்டாக்கிவிடுவோம். நகராட்சிப் பிறப்புச் சான்றிதழை நம்பிப் போகாதீர்கள், அதில் பெரும்பாலும் தேதி மட்டுமே இருக்கும். நோட்டில் தசை இருப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அதைக் கொண்டும் பின்னோக்கி நேரத்தைப் பிடிக்கலாம். ஆனால் எழுதியவர் வாக்கியப் பஞ்சாங்கக்காரரா, திருக்கணிதக்காரரா என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையே சந்திரனின் நிலையில் வரும் வேறுபாடே சில சமயம் ஒரு மணித் தவறை விழுங்கிவிடும்.

பெண் வீட்டு ஜோதிடரிடம் நோட்டையும் கணக்கையும் சித்தப்பாவே கொண்டுபோய்க் காட்டினார். அவர் பஞ்சாங்கத்தை எடுத்து உதயத்தைச் சரிபார்த்து, "ஆமாம் ஐயா, வார் டைம். நான் ஆண்டைக் கவனிக்கவில்லை" என்று மறைக்காமல் சொன்னாராம். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. தசா சந்தியை மறுபடி பார்த்துவிட்டு, வைகாசி தாண்டட்டும் என்றார். நவாம்சத்தை வைத்தும் ஏதோ சொல்லத் தொடங்கினாராம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நவாம்ச லக்னம் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். டைரியில் இருப்பது 10.30 என்ற முழு அரை மணி, அதை 10.24 என்றோ 10.37 என்றோ யாரும் எழுதி வைக்கவில்லை. யுத்த நேரத்தைக் கழிக்கலாம், தாத்தா முழு எண்ணாக்கி எழுதியதைக் கழிக்க வழியில்லை. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "நவாம்சம் கிடக்கட்டும் தம்பி, ரிஜிஸ்டர் ஆபீஸில் முப்பது நாள் நோட்டீஸ் போட வேண்டுமாமே, அதை எப்போது கொடுப்பது என்று சொல்" என்றார்.